ஐந்தாவது கத்திரிக்காய்

என் தங்கச்சி பிலோமினா வீட்டுக் கத்திரிச் செடியில் ஐந்து காய்களுக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். நூல் கட்டிய காய் விதைக்கு விட்ட காய். குழம்புக்கு என்று யாரும் அதில் கை வைக்கக் கூடாது. முப்பது வருஷம் தோணியில் சரக்கு ஏற்றி இறக்கியவன் நான். மூட்டையை எண்ணாமல் தலையாட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு ஐந்துதான் இருந்தது.

ஆவணிக் கடைசியில் அவள் என் கையில் கொடுத்தது நாலு.

"ஏளா பிலோமி, அஞ்சுல்லா கட்டியிருந்த?"

"நாலுதாண்ணே."

"நான் எண்ணினேன்."

"உனக்குக் கண்ணுல புரை விழுந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரே, அது எந்தக் கண்ணு?"

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. மருமகள்காரி ஒன்றைக் குப்பையில் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். முற்றிப் பழுத்த காயைச் சமைக்க முடியாது. வாயெல்லாம் விதையாகக் கசக்கும். ஆடு தின்றிருந்தாலும் தின்றிருக்கும்.

பிலோமினாவின் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. அவள் மகன் டெரன்ஸ் அதை விற்றுவிட்டு மில்லர்புரத்தில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கிவிட்டான். வாங்கியவர்கள் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள். செடி நின்ற இடத்தில் கார் நிற்குமாம். புது வீட்டில் வேலை முடியவில்லை. அதுவரை டெரன்ஸின் மாமனார் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். விதையைக் காயவைக்கக்கூட அங்கே இடமில்லை. அதனால்தான் காய்கள் முத்தையாபுரத்துக்கு, என் வீட்டுக்கு வந்தன.

அந்தக் கத்திரி வெளிர் பச்சையில் வெள்ளை வரி ஓடியது. கருவாட்டுக் குழம்பில் போட்டால் கரையாது. கரண்டியால் எடுத்து வைத்தால் முழுசாக நிற்கும். கடைக் கத்திரிக்காயைப் பிலோமினா தொடமாட்டாள். தின்றால் நாக்கு அரிக்கிறது என்பாள்.

"மொட்டை மாடில தொட்டி வச்சு வளக்கப் போறேன். கிறிஸ்மஸ், புது வருஷம் எல்லாம் முடிஞ்சு தை பிறந்ததும் வந்து விதை வாங்கிக்கிடுதேன். அண்ணே, இந்த ஜாதி வேற யாருகிட்டயும் கெடையாது. உன் கையில போச்சுன்னா போனதுதான்."

"எனக்கு விதை எடுக்கத் தெரியாதா?"

"எடுக்கத் தெரியும்" என்றாள். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

எடுக்கத் தெரியும்தான். நாலு காயையும் நிழலில் நாலு நாள் போட்டுவைத்தேன். தோல் சுருங்கி, அமுக்கினால் பஞ்சு மாதிரி ஆனது. பிறகு கீறி, வாளித் தண்ணீரில் பிசைந்துவிட்டேன். சதையும் பொக்கு விதையும் மேலே மிதந்தன. நல்ல விதை அடியில் உட்கார்ந்தது. மிதந்ததைக் கொட்டிவிட்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசி, பழைய வேட்டித் துணியில் பரப்பினேன். பேப்பரில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் பேப்பரோடு சேர்த்துத்தான் நட வேண்டும். நிழலில், காற்று படுகிற இடத்தில் வைத்து, கட்டி பிடிக்காமல் அடிக்கடி கிளறிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஞானதீபம் டீச்சர் நெஞ்சளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். ரிட்டயர் ஆனபிறகு பிள்ளைகள் இல்லை. பக்கத்தில் நான்தான் இருக்கிறேன்.

"இதுவரைக்கும் நூத்துக்கு நூறு, அண்ணாச்சி."

"நான் பரீட்சை எழுதலையே டீச்சர்."

"அஞ்சாங்கிளாசோட நின்னுட்டியள்லா, பாக்கிப் பரீட்சையெல்லாம் இப்ப எழுதுதிய."

டீச்சரும் தோட்டம் போட்டிருக்கிறார். அதில் எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. என் வெண்டைக்காய்க்கு வரம்பு சிவப்பாக இருக்கும். அவருடையது சுத்தப் பச்சை. அவர் தன் செடியில் எடுத்த விதையைப் போட்டு வளர்த்தால், ஒன்றிரண்டு செடியில் சிவப்பு வரம்போடு காய்த்தது.

"உங்க வெண்டைக்காய் சுவரேறிக் குதிச்சு வந்திருக்கு, அண்ணாச்சி. நல்ல குடும்பத்துக்கு இது அழகா?"

"என் வெண்டைக்குக் கால் இருக்கா? தேனீ வந்ததுக்கு நான் என்ன செய்ய?"

"விதைக்கு விடுத பூவை, விரியறதுக்கு முந்துன சாயங்காலமே நூலால வாயைக் கட்டிவிடணும். அப்ப தேனீ உள்ள போகாது."

"ஊருல வாயைக் கட்டவேண்டியது வெண்டைப் பூவுக்கு மட்டும் இல்லை டீச்சர்."

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். அதுதான் எனக்கு அவரிடம் பிடிக்காதது.

கத்திரி விதை காய்ந்தது. ஒன்றை எடுத்து இரண்டு நகத்துக்கும் நடுவில் மடித்தேன். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 'டிக்' என்று உடைந்தால் காய்ந்துவிட்டது. உடைந்தது. இனி தை வரைக்கும் அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் சாதாரண நாளிலேயே ஜன்னல் கம்பி துருப்பிடித்துப் பொடியாக உதிரும். மழை நாளில் தீப்பெட்டி பற்றாது.

"ஒரு பாட்டில் எடுங்க" என்றார் டீச்சர், கேட்காமலே. "அரிசியைச் செவக்க வறுத்து, ஆறவச்சு, துணில முடிஞ்சு அடில போடுங்க. மேல விதைப் பொட்டலம். மூடியை இறுக்கிருங்க. காத்துல உள்ள ஈரத்தை அரிசி குடிச்சுக்கிடும். மழை முடியற வரைக்கும் ரெண்டு மூணு தடவை அரிசியை மட்டும் மாத்துனாப் போதும்."

"சரி டீச்சர்."

செய்யவில்லை. அரிசி தண்ணீரைக் குடிக்கும் என்றால், அது சோறாகும்போது குடிக்கும். பாட்டிலுக்குள் உட்கார்ந்துகொண்டு காற்றைக் குடிக்குமா? படித்தவர்கள் சொல்வதில் பாதி புத்தகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதுவும் போக, விதையை மூடிபோட்டு வைத்தால் வேர்க்கும் என்று எனக்கு ஒரு பயம்.

எனக்குத் தெரிந்தது வேறு. ஒரு மீனில் முக்கால்வாசி தண்ணீர். அதை உப்பில் புதைத்தால் தண்ணீரெல்லாம் கக்கிவிட்டுப் பலகையாகிவிடுகிறது. ஒரு வருஷம் கிடந்தாலும் கெடுவதில்லை. மீனையே காயவைக்கிற உப்பு, கடுகு மாதிரி இருக்கிற விதையைக் காயவைக்காதா? இதை நானேதான் யோசித்துக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டீச்சர் அதைத் தன்னுடையதாக்கிப் பத்துப் பேருக்குப் பாடம் நடத்துவார்.

உப்பளத்தில் வேலை செய்கிற ராமர் எங்கள் தெருக்காரன். அவனிடம் கல்லுப்பு கேட்டேன். அரை மூட்டையை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான்.

"கருவாடு போடப் போறியளா, அண்ணாச்சி?"

"ஆமா."

"என்ன மீனு?"

"வெளமீன்."

"எத்தனை கிலோ?"

"ரெண்டு."

"ரெண்டு கிலோ வெளமீனுக்கு அரை மூட்டை உப்பா? திமிங்கலத்துக்கே இது போதுமே!"

"ஏலே, உப்பைக் கேட்டா உப்பைக் குடு. மீனைப் பத்தி நீ ஏன் கவலைப்படுத?"

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை.

குசினியில் பெரிய பீங்கான் ஜாடி ஒன்று சும்மா கிடந்தது. அடியில் உப்பு. நடுவில், துணியில் முடிந்த கத்திரி விதை. அதன்மேல் உப்பு. பிறகு வெண்டை விதை. வெண்டை விதை எடுப்பதில் வேலையே இல்லை. விதைக்கு விட்ட காயைச் செடியிலேயே விட்டுவிட வேண்டும். பழுப்பாகி, வரம்போரம் வெடிப்பு விழுந்து, ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்கும்போது பறித்தால் சரி. மழைக்கு முன்னால் பறித்துவிட்டேன். பாதியை உரித்து ஜாடியில் போட்டேன். ஜாடி நிறைந்துவிட்டது. மீதிக் காய்களை உரிக்கச் சோம்பல்பட்டு, சணலில் கோத்து, அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன். ஜாடியின் வாயைத் துணியால் கட்டினேன், மூடிபோட்டால் வேர்க்குமே.

"அரிசி மாத்தியாச்சா?" என்று ஐப்பசியில் டீச்சர் கேட்டார்.

"ஆச்சு."

"என்ன அரிசி போட்டிய?"

"புழுங்கல்."

"விதை ரொம்பக் குடுத்து வச்சது. நான் ரேஷன் அரிசிதான் போட்டிருக்கேன்."

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. துணி காயவில்லை. செருப்பில் பூசணம் பூத்தது. அப்பத்தை மூடிவைத்தால் சாயங்காலமே நூல் விடும். நான் ஒன்றுக்கும் அலட்டிக்கொள்ளவில்லை. உப்புக்குள் இருப்பது பத்திரமாக இருக்கிறது என்று தினமும் ஜாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கினேன். ஜாடியைச் சுற்றித் தரையில் கொஞ்சம் ஈரம் இருந்தது. மழை ஒழுகுகிறது என்று ஓட்டைத்தான் பார்த்தேன்.

மார்கழியில் பிலோமினா போன் செய்தாள்.

"விதை எப்படி இருக்குண்ணே?"

"படுத்துத் தூங்குது."

"எந்திரிக்குமா?"

"ஏன் எந்திரிக்காமப் போவும்? தை வரட்டும், சிலிர்த்துக்கிட்டு எந்திரிக்கும்."

"தொட்டி எல்லாம் வாங்கியாச்சு. பன்னிரண்டு தொட்டி. டெரன்ஸ் செம்மண்ணு ஏத்தி வச்சிட்டான். உன்னை நம்பித்தான் இருக்கேன்."

பன்னிரண்டு தொட்டி என்றதும் ஜாடியைத் திறந்து பார்க்கத் தோன்றியது. துணியை அவிழ்த்தேன். மேலே உப்பு ஈரமாகப் பளபளத்தது. கையை விட்டேன். இரண்டு விரல் ஆழத்தில் சேறு மாதிரி இருந்தது. அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். கத்திரி விதை முடிப்பை எடுத்துப் பிழிந்தால் சொட்டியது. பிரித்தேன். பொன்நிறத்தில் வைத்தது ஊறுகாய் நிறத்தில் இருந்தது. வாசமும் ஊறுகாய்தான். வெண்டை விதை ஊதிப்போய், தோல் வழுவழுவென்று கழன்றது.

உப்பு நீர்த்துவிட்டது. மீனிடமிருந்து தண்ணீரை வாங்குகிற உப்பு காற்றிடமிருந்தும் வாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாங்கியதைத் தனக்குள் வைத்துக்கொண்டு என் விதையைக் குளிப்பாட்டியிருக்கிறது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, கத்திரி விதையில் பத்தை எண்ணி எடுத்து ஈரத்துணியில் சுருட்டி டிபன் பாக்ஸில் வைத்தேன். விதை உயிரோடு இருக்கிறதா என்று டீச்சர் அப்படித்தான் பார்ப்பார். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை. ஜாடி வெண்டையில் பத்து, ஆணியில் தொங்கிய காயை உடைத்து அதில் பத்து, அவற்றையும் தனித்தனியாகச் சுருட்டி வைத்தேன். தொங்கிய காய்களிலும் ஜன்னல் பக்கம் இருந்ததெல்லாம் கறுப்புப் பூசணம் பிடித்திருந்தது. அடுப்புப் பக்கம் இருந்தவை மட்டும் கலகலத்தன.

நாலாம் நாள், தொங்கிய வெண்டையில் பத்துக்கு ஏழு வேர் விட்டது. ஜாடி வெண்டை அழுகிக் கூழானது. கத்திரிக்கு எட்டுப் பத்து நாள் வேண்டும். பன்னிரண்டு நாள் பார்த்தேன். பத்தும் பத்துப் புள்ளியாகக் கிடந்தன. இன்னும் பத்து எடுத்து வைத்தேன். அதுவும் அப்படித்தான்.

சோம்பல்பட்டுத் தொங்கவிட்டது பிழைத்தது. மூளையைச் செலவழித்துப் புதைத்தது செத்தது.

பிலோமினாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயசிலிருந்து அவளுக்கு நான்தான், யாரையும் நம்பாதே, யாரிடமும் எதையும் மொத்தமாகக் கொடுத்து வைக்காதே என்று சொல்லிக்கொண்டு வந்தவன். அவள் ஒரே ஒரு தரம் ஒருத்தனிடம் ஒன்றைக் கொடுத்துவைத்தாள். அது நான்.

அப்போது ஒரு கெட்ட யோசனை வந்தது. பஸ் ஏறி, பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டைக்குப் போனேன். ஒரு விதைக் கடையில் வரிக் கத்திரி படம் போட்ட பாக்கெட் தொங்கியது. படத்தில் காய் கிட்டத்தட்ட பிலோமினா காய் மாதிரிதான் இருந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதைப் பாக்கெட் வாங்கினேன். அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்ததால் மடியில் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், விதை ரோஸ் நிறத்தில் இருக்கிறது! சாயம். கத்திரி விதைக்கு எவன் இப்படிப் பொட்டு வைத்தான் என்று தெரியவில்லை. பிலோமினா புரை விழாத கண்ணுக்காரி; பார்த்த உடனே கண்டுபிடிப்பாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். விதையிலிருந்து பாதிதான் போயிற்று. போன பாதி என் விரலில் ஏறிக்கொண்டது. பத்து விரலும் சிவந்து நிற்க, கிண்ணத் தண்ணீரை வெளியே ஊற்ற வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர்.

"என்ன அண்ணாச்சி, மருதாணியா?"

"ஒண்ணுமில்ல."

"எழுபத்திநாலு வயசுல மருதாணின்னா விசேஷம் இல்லாம இருக்குமா? பொண்ணு எந்த ஊரு?"

"பீட்ரூட் நறுக்கினேன்."

அவர் என் விரலை உற்றுப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அது கடை விதைல பூசி வர மருந்து, அண்ணாச்சி. பூசணம் பிடிக்காம இருக்கப் போடுதது. விஷம். அந்தத் தண்ணிய அங்கன ஊத்தாதிய, கோழி கொத்தும். மொதல்ல சோப்புப் போட்டு ரெண்டு தரம் கையைக் கழுவுங்க. கழுவாம வாயில எதையும் போட்டுராதிய."

கழுவினேன். ஒன்றுமே கேட்கவில்லை அவர். எதற்குக் கடை விதை, உங்கள் விதை எங்கே என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

தை பிறந்த மூன்றாம் நாள் பிலோமினா வந்தாள். ஆட்டோவில் இறங்கும்போதே கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. விதை வாங்க.

"குடுண்ணே."

நான் உள்ளே போனேன். அலமாரியில் இரண்டும் இருந்தது: சாயம் போன கடை விதை ஒரு பொட்டலம், ஊறுகாய் விதை ஒரு பொட்டலம். கடைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். அவள் டப்பாவைத் திறந்து, முந்தானையால் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே காய்ந்த டப்பா. அதில் ஒரு பொட்டு ஈரம் இருந்துவிடக் கூடாது என்று துடைக்கிறாள்.

திரும்பி உள்ளே போய் மற்றப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிரித்தாள். பார்த்தாள். மோந்தாள்.

"என்னண்ணே இது?"

"உன் கத்திரி."

"கத்திரி ஏன் கருவாடு மாதிரி நாறுது?"

"உப்புல போட்டு வச்சேன்."

"விதையையா?"

"காஞ்சு கெடக்குமேன்னு போட்டேன். மழைல உப்பு நீத்துட்டு. ரெண்டு தரம் துணில சுத்திப் பாத்தேன். ஒண்ணும் முளைக்கல. போச்சு பிலோமி. என் கையாலதான் போச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அல்லது ஏசுவாள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே டீச்சர் எப்போது வந்து நின்றாரோ தெரியாது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிலோமினாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில், தெருவில் போய்க்கொண்டிருந்த ராமர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, என்ன சங்கதி?"

"உங்க அண்ணாச்சி கத்திரி விதையில கருவாடு போட்டிருக்காரு" என்றாள் பிலோமினா.

ராமர் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தலையில் கை வைத்தான். "அந்த வெளமீனு இதுதானா! அண்ணாச்சி, மழைன்னு வந்துட்டா அளத்துல குவிச்ச உப்பே அழுவும். அதுக்குத்தான் அம்பாரத்துமேல கீத்துப் போட்டு மூடுதோம். உப்பை நாங்க மழைக்கு மறைக்கோம், நீங்க விதையைக் கொண்டுபோய் உப்புல மறைச்சியளா?"

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வெளமீனுன்னுல்லா சொன்னிய!"

டீச்சர் வீட்டுக்குள் போய் ஒரு பாட்டிலோடு வந்தார். பழைய காபித்தூள் பாட்டில். அடியில் துணி முடிப்பு. அதற்கு மேலே காகிதப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்துச் சுவர்மேல் வைத்தார். பொன்நிறத்தில், தனித்தனியாக, ஊதினால் பறக்கிற மாதிரி கத்திரி விதை. காகிதத்தில் பிலோமினா கையெழுத்து. அவளும் என்னைப்போல் அஞ்சாங்கிளாஸ்தான். பெரிய பெரிய எழுத்து. புரை விழுந்த கண்ணுக்கும் தெரிந்தது.

'வரிக் கத்திரி. ஆவணி. அண்ணனுக்குச் சொல்லக் கூடாது.'

"போன மாசம் பத்து விதை சுருட்டிப் பாத்தேன்" என்றார் டீச்சர். "எட்டு முளைச்சிது. அரிசி மூணு தரம் மாத்தினேன். நான் போட்டது ரேஷன் அரிசி, அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடணும்."

நான் பிலோமினாவைப் பார்த்தேன்.

"அஞ்சாவது காயி."

"ஆமா."

"நாலுதான்னு சொன்ன."

"உன்கிட்ட குடுத்தது நாலுதான? பொய்யா?"

"கண்ணுல புரைன்ன."

"புரை இருக்கா, இல்லையா?"

"ஏளா, கூடப்பிறந்த அண்ணனை நம்பாம, வேத்து மனுசிகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"நம்பித்தாண்ணே நாலு குடுத்தேன். நம்பாததுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே கையில குடுக்காதன்னு யாரு சொல்லிக் குடுத்தா எனக்கு?"

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

டீச்சர் விதையைப் பங்கு வைத்தார். பெரிய பங்கு பிலோமினாவின் டப்பாவுக்குப் போனது. பிறகு ஒரு சிட்டிகை எடுத்து என் பக்கம் நீட்டி, நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

"இதை எங்க வைப்பிய?"

"மண்ணுலதான். நாளைக்கே நாத்துப் பாவிருவேன். வச்சுக்கிட்டு இருக்க மாட்டேன்."

"அடுத்த விதை வந்தா?"

சொல்லவேண்டியிருந்தது. மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள், ராமர் வண்டியைக்கூட அணைத்துவிட்டான்.

"வறுத்த அரிசில" என்றேன்.

"சத்தமா, அண்ணாச்சி. கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

"வறுத்த அரிசிலன்னு சொல்லுதேன்!"

"நூத்துக்கு நூறு."

விதையைக் கொடுத்தார். பதிலுக்கு அடுப்புப் பக்கம் தொங்கிய வெண்டைக்காயில் ஆறு எடுத்துக் கொடுத்தேன். சும்மா வாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆட்டிப் பார்த்தார், கலகலத்தது.

"இனிமே சுவரேறி வரவேண்டாம், வாசல் வழியாவே கூப்பிட்டுக்கிடுதேன்" என்றார்.

பிலோமினா போகும்போது ஊறுகாய் விதைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"டெரன்ஸ் பொண்டாட்டிகிட்ட காட்டணும். நான் சொன்னா நம்பமாட்டா."

நாற்று தையிலேயே வந்தது. மாசிக் கடைசியில் பிடுங்கி நட்டேன். சித்திரையில் காய்த்தது. மில்லர்புரம் மூன்றாவது மாடியில் பன்னிரண்டு தொட்டியில் பதினொன்று காய்க்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக் கருவாட்டுக் குழம்புக்கு என்னைக் கூப்பிட்டாள். தட்டில் கத்திரிக்காய் முழுசாக நின்றது. "உப்பு போதுமாண்ணே?" என்று மூன்று தரம் கேட்டாள்.

இப்போது வைகாசி. என் செடிகளில் விதைக்கு விட்ட காய்களுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். காலையில் அவள் போனில் எத்தனை காய் என்று கேட்டாள். ஆறு என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் ஒரு விரலை நீட்டிச் செடி செடியாக எண்ணிக்கொண்டு வந்தார். கடைசிச் செடியில் வந்து நின்றார். ஏழாவது காய் அவர் பக்கமாகத்தான் தொங்குகிறது. அந்தப் பக்கமாகவே கட்டிவிட்டிருந்தேன்.

"அண்ணாச்சி..." என்றார்.

"கேக்காதிய டீச்சர்" என்றேன். "பாட்டிலைக் கழுவிக் காயவைங்க."